மாத்திரைக்கும் ஊசிக்கும் நடுவே

(உலோக வால்வு பொருத்திய பெண்களின் கர்ப்பகாலம் பற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இதய வால்வு மாற்று அறுவை செய்துகொண்ட பெண்கள், அவர்களுடைய கணவன்மார், மாமியார், தாயார், வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கும் சுகாதாரச் செவிலியர்கள், மருத்துவ மாணவர்கள் என்று பலரும் இங்கே ஒன்றாக உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு விஷயத்தை மட்டும் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஒரு பெண்ணின் கதையிலிருந்து தொடங்குகிறேன். இது தனி ஒருத்தியின் கதை அல்ல. பல ஆண்டுகளாக என்னிடம் வந்த பலரை ஒருத்தியாக்கிச் சொல்கிறேன். அவளுக்கு வயது 26. பதினோரு வயதில் தொண்டை வலி, காய்ச்சல், ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்குத் தாவும் வீக்கம். அது ருமாட்டிக் காய்ச்சல் என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை. காய்ச்சல் போய்விட்டது, இதயத்தில் தழும்பு நின்றுவிட்டது. பத்தொன்பது வயதில் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். அன்று முதல் தினமும் ராத்திரி வார்ஃபரின் மாத்திரை, 4 மில்லிகிராம். திருமணமாகி இரண்டு வருடம்.

ஒரு நாள் காலை முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "டாக்டரம்மா, பத்து நாள் தள்ளிப் போயிருக்கு. நாலு நாளைக்கு முன்னாடி கார்டு வாங்கிப் பாத்தேன், ரெண்டு கோடு வந்துச்சு. அன்னைக்கே அந்த ரத்த மாத்திரைய நிறுத்திட்டேன். புள்ளைக்கு ஆகாதுன்னு சொன்னாங்க."

குழந்தை மேல் வைத்த பாசத்தால் அவள் செய்த காரியம் அது. அன்று எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஐ.என்.ஆர். 1.4 என்று வந்தது. அவளுக்கு இருக்க வேண்டியது 2.5-க்கும் 3.5-க்கும் இடையில். அதாவது அந்த நான்கு நாட்களில் அவளுடைய வால்வு ஏறக்குறையப் பாதுகாப்பில்லாத நிலைக்கு வந்துவிட்டிருக்கிறது.

நான் இன்று சொல்ல வந்தது இதுதான். வார்ஃபரின் குழந்தையைப் பாதிக்கும் என்பது உண்மை. ஆனால் இந்தத் தாய்மார்கள் உயிரிழப்பது பெரும்பாலும் மாத்திரையால் அல்ல. மாத்திரையை விட்டுவிட்டு வேறொன்று சரியாகப் பிடிப்பதற்குள் வரும் இடைவெளியால்.

முதலில் வால்வைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். நம் நாட்டில் நிறையப் பேருக்குப் பொருத்தப்பட்டிருப்பது சித்ரா வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாகி, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. கோபால்ட், குரோமியம் கலந்த உலோகக் கூண்டு, அதற்குள் சாய்ந்து சாய்ந்து நிமிரும் ஒரு பிளாஸ்டிக் வட்டு, சுற்றிலும் தைப்பதற்கு ஒரு துணி வளையம். அவ்வளவுதான். வேறு சில வால்வுகளில் ஒரு வட்டுக்குப் பதில் கதவு மாதிரி இரண்டு இதழ்கள் இருக்கும். எதுவானாலும் இந்த வால்வு தேய்ந்துபோக பல பத்தாண்டுகள் ஆகும். அதனால்தான் சின்ன வயதுக்காரர்களுக்கு இதை வைக்கிறார்கள்.

ஆனால் ரத்தத்துக்கு அது அந்நியப் பொருள். நம் ரத்தக்குழாயின் உட்சுவர் ரத்தத்தை உறையவிடாமல் தானே பார்த்துக்கொள்ளும். உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் அந்தத் திறமை கிடையாது. வட்டு சாயும் இடுக்கில் ரத்தம் சுழித்துத் தேங்கும். வாய்க்கால் மதகின் ஓரத்தில் சருகு ஒதுங்குவதைப் போல அங்கே உறைகட்டி ஒதுங்கத் தொடங்கும். மைட்ரல் வால்வில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல், ஏனென்றால் அங்கே ரத்தம் குறைந்த அழுத்தத்தில் மெதுவாக ஓடுகிறது. கட்டி வளர்ந்தால் வட்டு அசையாமல் நின்றுவிடும். அல்லது கட்டியின் ஒரு துண்டு பிய்ந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரும்.

இதில் கர்ப்பமும் சேர்ந்துகொள்கிறது. பிரசவத்தில் தாய் ரத்தம் இழந்து சாகக் கூடாது என்று இயற்கை ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. கருத்தரித்த சில வாரங்களிலேயே ரத்தத்தில் உறையவைக்கும் பொருட்கள் கூடுகின்றன, உறைவதைத் தடுக்கும் சில பொருட்கள் குறைகின்றன. மற்றத் தாய்மார்களுக்கு இது நன்மை. உலோக வால்வு உள்ளவளுக்கு இதுவே எதிரி. சாதாரண நாளிலேயே மாத்திரை தேவைப்படும் வால்வுக்குக் கர்ப்பத்தில் இன்னும் கறாரான காவல் வேண்டும்.

இனி, குழந்தைக்கு வார்ஃபரின் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

1920-களில் வட அமெரிக்கப் பண்ணைகளில் கெட்டுப்போன இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. அந்த வைக்கோலிலிருந்த பொருளைப் பிரித்தெடுத்தவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கார்ல் பால் லிங்க். அந்த வழியில் பிறந்ததுதான் வார்ஃபரின். 1948-இல் எலி மருந்தாக வந்து, 1954-இல் மனிதருக்கான மருந்தானது. "எலி மருந்தையா சாப்பிடுகிறேன்?" என்று யாரும் பயப்பட வேண்டாம். அளவு தெரிந்து கொடுத்தால் லட்சக்கணக்கான வால்வுகளைக் காப்பாற்றும் மருந்து அது. வைட்டமின் கே-யின் வேலையைத் தடுப்பதுதான் அதன் தொழில். அந்த வைட்டமின் இல்லாமல் ஈரலால் உறையவைக்கும் பொருட்களை ஒழுங்காகச் செய்ய முடியாது.

சிக்கல் எங்கே என்றால், வார்ஃபரின் மிகச் சிறிய மூலக்கூறு. நஞ்சுக்கொடியைச் சுலபமாகத் தாண்டிக் குழந்தையிடம் போய்விடும். கருவின் குருத்தெலும்பில் வேலை செய்யும் சில புரதங்களுக்கும் வைட்டமின் கே வேண்டும். ஆறு வாரம் முடிந்ததிலிருந்து பன்னிரண்டு வாரம் முடியும் வரை முகமும் எலும்பும் உருவெடுக்கும் காலம். அப்போது அந்தப் புரதங்கள் சரியாக வேலை செய்யாவிட்டால் மூக்குத் தண்டு வளராமல் பதிந்துபோகலாம், எலும்பு முனைகளில் புள்ளி புள்ளியாகச் சுண்ணாம்பு படியலாம். மூக்கு மிகவும் பதிந்திருந்தால் பிறந்த குழந்தைக்கு மூச்சு விடவே சிரமமாகும். இவற்றை விட அதிகம் நடப்பது கருச்சிதைவு. பன்னிரண்டு வாரம் தாண்டிய பிறகும் ஆபத்து முழுதாக விலகுவதில்லை. அரிதாகக் குழந்தையின் மூளைக்குள் ரத்தம் கசியலாம்.

வாரங்களை எண்ணும் முறையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். நம் கதையிலுள்ள பெண்ணுக்குப் பத்து நாள் தள்ளிப் போயிருந்தது என்றால் ஐந்து வாரமும் மூன்று நாளும். ஆறு வாரம் இன்னும் ஆகவில்லை. "தெரியாமல் மாத்திரை சாப்பிட்டுவிட்டாய், கலைத்துவிடு" என்று இந்தக் கட்டத்தில் ஒரு பெண்ணிடம் சொல்வது தவறு. மூக்கையும் எலும்பையும் பாதிக்கும் காலம் இன்னும் தொடங்கவே இல்லை. அப்படிச் சொல்லப்பட்டு அழுதுகொண்டே வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது அளவு. இதுதான் நம் பேச்சின் நடுநாயகமான விஷயம். 1999-இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் மருத்துவர்கள் உலோக வால்வுடன் கருவுற்ற 43 பெண்களின் 58 கர்ப்பங்களை ஆராய்ந்தார்கள். எல்லோரும் வார்ஃபரின் சாப்பிட்டவர்கள். தினம் 5 மில்லிகிராமோ அதற்குக் குறைவாகவோ போதுமாக இருந்தவர்களின் 33 கர்ப்பங்களில் 5-இல் கருவுக்குச் சேதம். 5-க்கு மேல் தேவைப்பட்டவர்களின் 25 கர்ப்பங்களில் 22-இல் சேதம். சேதம் என்பதில் பெரும்பங்கு கருச்சிதைவு. 58-இல் இரண்டு குழந்தைகளுக்குத்தான் நான் சொன்ன மூக்கு, எலும்புக் குறைபாடு. சிறிய ஆய்வுதான். பிறகு வந்த ஆய்வுகளில், குறைந்த அளவிலும் ஆபத்து பூஜ்யமாகிவிடவில்லை. ஆனாலும் 5 என்ற அந்த எண் நிலைத்துவிட்டது. இன்று உலக வழிகாட்டுதல்கள் அதை வைத்துத்தான் பாதையைப் பிரிக்கின்றன. நம் ஊரில் பலர் வார்ஃபரினுக்குப் பதில் அசெனோகூமரால் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கு ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்லும் எல்லை 2 மில்லிகிராம். இரண்டும் வெவ்வேறு மாத்திரைகள். ஒன்றின் கணக்கை இன்னொன்றுக்குப் போடக் கூடாது.

"அப்படியானால் மாத்திரையே வேண்டாம், ஊசி போட்டுவிடலாமே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

ஹெப்பரின் பெரிய மூலக்கூறு. நஞ்சுக்கொடியைத் தாண்டாது. குழந்தையைத் தொடவே தொடாது. குழந்தையின் பக்கமிருந்து மட்டும் பார்த்தால் இதைவிட நல்ல மருந்து கிடையாது. ஆனால் வால்வின் பக்கமிருந்து பார்த்தால் வார்ஃபரின் அளவுக்கு அதை நம்ப முடியவில்லை. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஒரு தொகுப்பாய்வு அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தது. கர்ப்பம் முழுக்க மாத்திரையிலேயே இருந்தவர்களில் 100-க்குச் சுமார் 4 பேருக்கு உறைகட்டி. ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை மட்டும் ஹெப்பரினுக்கு மாறியவர்களில் 100-க்குச் சுமார் 9 பேருக்கு. பிறவிக் குறைபாடு முதல் வகையில் 100-க்கு 6 குழந்தைகளுக்கு மேல் இருந்தது, இரண்டாவது வகையில் இல்லாமலே போனது. குழந்தை தப்பியது, தாயின் ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. தராசின் இரண்டு தட்டும் இதுதான்.

அது பழைய வால்வுகளின் காலம், பழைய ஹெப்பரினின் காலம் என்று சொல்லலாம். 2015-இல் வெளியான பன்னாட்டுப் பதிவேட்டைப் பார்ப்போம். உலோக வால்வுள்ள 212 கர்ப்பிணிகள். அவர்களில் 10 பேருக்கு வால்வில் உறைகட்டி வந்தது. அந்தப் பத்தில் ஐந்து பேருக்கு முதல் மூன்று மாதத்திலேயே வந்துவிட்டது. அந்த ஐந்து பேரும் மாத்திரையிலிருந்து ஏதாவதொரு ஹெப்பரினுக்கு மாற்றப்பட்டவர்கள். ஐந்து பேருமே! பக்கத்திலேயே இன்னொரு கணக்கும் இருக்கிறது. முதல் மூன்று மாதம் மாத்திரையிலேயே இருந்தவர்களுக்குக் கருச்சிதைவு 100-க்கு 28-க்கு மேல், ஹெப்பரினில் இருந்தவர்களுக்கு 9-தான்.

ஊசி ஏன் தோற்கிறது? பெரும்பாலும் அளவு போதாததால். இப்போது நாம் பயன்படுத்துவது எனாக்ஸபரின் போன்ற, மூலக்கூறு எடை குறைந்த ஹெப்பரின். வயிற்றுத் தோலுக்கடியில் ஒரு நாளைக்கு இரண்டு முறை. தொடக்கத்தில் உடல் எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 1 மில்லிகிராம். கர்ப்பம் வளர வளரத் தாயின் ரத்த அளவு கூடுகிறது, சிறுநீரகம் மருந்தை வேகமாக வெளியேற்றுகிறது. போன மாதம் போதுமாக இருந்த ஊசி இந்த மாதம் போதாது. தென்னாப்பிரிக்காவில் இதே மருந்தை எடைக்கேற்ற அளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வில் எட்டுப் பெண்களில் இருவருக்கு வால்வு அடைத்து, தாயும் சேயும் இறந்தார்கள். ஊசியை எடை பார்த்துத் தொடங்கலாம். ரத்தம் பார்த்துத்தான் தொடர வேண்டும்.

அதற்கான பரிசோதனையின் பெயர் ஆன்டி-டென்-ஏ. ஊசி போட்டு 4 முதல் 6 மணி நேரத்துக்குள் ரத்தம் எடுக்க வேண்டும். மைட்ரல் வால்வுக்கு அந்த அளவு 1.0-க்கும் 1.2-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய வழிகாட்டுதல். அடுத்த ஊசிக்குச் சற்று முன் எடுத்துப் பார்த்தால் 0.6-க்குக் கீழே போயிருக்கக் கூடாது. இந்தப் பரிசோதனை எல்லா ஊரிலும் கிடைக்காது. கிடைக்காத இடத்தில் ஊசியை மட்டும் எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது, அணையில் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்காமல் மதகை மூடுவதற்குச் சமம். அங்கே ஒன்று, மருத்துவமனையில் சேர்த்து நரம்பு வழியாகச் சாதாரண ஹெப்பரின் கொடுத்து ஏ.பி.டி.டி. பரிசோதனையை இயல்பைவிடக் குறைந்தது இரண்டு மடங்காக வைக்க வேண்டும். அல்லது ஆபத்தைத் தெளிவாகச் சொல்லி மாத்திரையிலேயே தொடர வேண்டும்.

இனி நம் பெண்ணிடம் திரும்புவோம். ஐ.என்.ஆர். 1.4. அன்றே அட்மிட் செய்தோம். எக்கோ எடுத்தோம். வால்வு நன்றாக அசைந்தது, கட்டி இல்லை. நல்ல காலம். உடனே எனாக்ஸபரின் ஊசி தொடங்கினோம், ஏனென்றால் மாத்திரையை இன்று கொடுத்தாலும் அது பிடிக்கச் சில நாட்களாகும். அதற்குள் காவல் வேண்டும். பிறகு அவளையும் கணவரையும் மாமியாரையும் உட்காரவைத்துப் பேசினோம்.

மாமியார்தான் முதலில் கேட்டார். "புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எழுதிக் குடுப்பீங்களாம்மா?"

"முடியாதுங்கம்மா. யாராலயும் முடியாது. இவளுக்கு 4 மில்லிகிராம்தான் தேவைப்படுது. அதனால மாத்திரையால புள்ளைக்கு வர்ற ஆபத்து குறைவு. ஆனா இல்லைன்னு சொல்ல மாட்டேன். கரு கலையலாம், அபூர்வமா மூக்குல குறை வரலாம். மாத்திரைய விட்டு ஊசிக்கு மாறுனா அந்தக் குறை வராது. ஆனா வால்வு அடைக்கிற வாய்ப்பு கூடும். வால்வு அடைச்சா ரெண்டு உயிருக்கும் ஆபத்து."

ஊசியில்தான் இருப்பேன் என்று அவள் சொல்லியிருந்தால் அதற்கும் வழி செய்திருப்போம். அவள் மாத்திரையைத் தேர்ந்தாள். 4 மில்லிகிராம் மறுபடி தொடங்கினோம். ஊசியும் மாத்திரையும் சேர்ந்து ஓடின. ஆறாம் நாள் ஐ.என்.ஆர். 2.6, மறுநாள் 2.7. இரண்டு நாள் தொடர்ந்து 2.5-ஐத் தாண்டிய பிறகுதான் ஊசியை நிறுத்தினோம். ஒரு நாள் பார்த்துவிட்டு நிறுத்தவில்லை. இந்த மேல்படிவைத்தான் மாணவர்கள் மனதில் வைக்க வேண்டும். ஒன்றைப் பிடித்த பிறகுதான் மற்றதை விட வேண்டும்.

அடுத்த வாரம் புதுச் சிக்கல் வந்தது. மசக்கை. ராத்திரி மாத்திரையைப் போட்டதும் வாந்தி. ஐ.என்.ஆர். 2.1-க்கு இறங்கியது. மருந்தின் அளவைக் கூட்டுவதற்கு முன்னால், "மாத்திரை உள்ளே நின்றதா?" என்று கேட்க வேண்டும். அவளுக்கு மாலைதான் வயிறு அமைதியாக இருந்தது. மாத்திரையை மாலை ஆறு மணிக்கு மாற்றி, வாந்திக்கும் மருந்து கொடுத்தோம். அளவு சரியானது. முதல் மூன்று மாதம் வாரம் ஒரு முறை ஐ.என்.ஆர். பார்த்தோம். கீரையை விடச் சொல்லவில்லை. ஒரு நாள் அள்ளிச் சாப்பிட்டு, மறு வாரம் தொடாமல் இருக்காதே, வழக்கமாக எவ்வளவோ அவ்வளவே சாப்பிடு என்று மட்டும் சொன்னோம்.

இதே பெண்ணுக்கு 4-க்குப் பதில் 7 மில்லிகிராம் தேவைப்பட்டிருந்தால் என்ன செய்திருப்போம்? பாதை மாறியிருக்கும். ஆறு வாரம் நிறைவதற்குள் அவளை அட்மிட் செய்து ஊசிக்கு மாற்றியிருப்போம். எடை 52 கிலோ என்றால் 50 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று. நான்கு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் 0.7 என்று வந்தால் போதாது, 60-ஆகக் கூட்ட வேண்டும். மறுபடி பார்த்து 1.1 வந்தால்தான் வீட்டுக்கு அனுப்பலாம். அதன்பின் வாரந்தோறும் பரிசோதனை. பன்னிரண்டு வாரம் முடிந்ததும் மாத்திரைக்குத் திரும்ப வேண்டும், மேல்படிவு வைத்து. அந்தக் காலம் முழுவதும் அவள் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் நடுவே தொலைபேசித் தொடர்பு அறுந்து போகக் கூடாது.

புதிதாக வந்திருக்கும் ரத்த மாத்திரைகளைப் பற்றியும் கேட்பீர்கள். பரிசோதனையே தேவையில்லாத டாபிகாட்ரன், அபிக்சபான் போன்றவை. உலோக வால்வுள்ளவர்களுக்கு அவற்றைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் பாதியிலேயே நிறுத்தப்பட்டன, வார்ஃபரினை விட மோசமான விளைவு வந்ததால். கர்ப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உலோக வால்வுக்கு அவை உதவாது.

இரண்டாவது இடைவெளி பிரசவத்தில் வருகிறது. தாயின் ஐ.என்.ஆர். 3 என்றால் குழந்தையின் ரத்தம் அதைவிட அதிகமாக இளகியிருக்கும். குழந்தையின் ஈரல் முதிரவில்லை, தாயின் உறையும் பொருட்களும் நஞ்சுக்கொடி தாண்டி வராது. அந்த நிலையில் இடுப்பெலும்பு வழியே தலை நெரிபட்டு வந்தால் மூளைக்குள் ரத்தம் கசியும். தாய் மாத்திரையை நிறுத்திய பிறகும் குழந்தையின் ரத்தம் தேற இரண்டு வாரம் வரை ஆகலாம். அதனால் 36-ஆவது வாரத்தில் எல்லோரையும் ஊசிக்கு மாற்றிவிடுகிறோம். மாத்திரையில் இருக்கும்போதே, அல்லது நிறுத்தி இரண்டு வாரம் ஆவதற்குள் வலி கண்டுவிட்டால், சுகப்பிரசவத்துக்குக் காத்திருக்காமல் சிசேரியன் செய்வதே குழந்தைக்குப் பாதுகாப்பு.

நம் பெண்ணுக்குத் தேதி குறித்தே பிரசவம் பார்த்தோம். தேதிக்கு 36 மணி நேரம் முன்பாக எனாக்ஸபரினை விட்டு நரம்பு வழி ஹெப்பரினுக்கு மாற்றினோம். அதை நிறுத்திய சில மணி நேரத்தில் அதன் வேலை அடங்கிவிடும் என்பதுதான் அதன் சிறப்பு. பிரசவத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்னால் நிறுத்தி, ரத்தப்போக்கு கட்டுக்குள் இருப்பதைப் பார்த்து, பிரசவத்துக்குப் பின் 4 முதல் 6 மணி நேரத்தில் மறுபடி தொடங்கினோம். பிறகு மாத்திரை. தாய்ப்பால் கொடுத்தாள். வார்ஃபரின் தாய்ப்பாலில் கவலைப்படும் அளவுக்குச் சுரப்பதில்லை. "மாத்திரை சாப்பிடறவ பால் குடுக்கக் கூடாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எல்லோருடைய கதையும் இப்படி முடிவதில்லை. பிரிட்டனில் 2013 முதல் 2015 வரை உலோக வால்வுடன் கருவுற்ற 58 பெண்களைக் கணக்கெடுத்தார்கள். ஐந்து பேர் இறந்துபோனார்கள். தாயும் சேயும் இரண்டு பேருமே நன்றாக இருந்தது 16 கர்ப்பங்களில்தான். அத்தனை வசதி உள்ள நாட்டில் இந்த நிலை. ஆகவே ஆபத்தில்லாத பாதை என்று ஒன்றை நான் உங்களுக்குக் காட்டவில்லை. கண் திறந்து நடக்கும் பாதையைத்தான் காட்டுகிறேன்.

வால்வு அடைக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? செவிலியர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். உலோக வால்வு உள்ளவரின் பக்கத்தில் ராத்திரி அமைதியாக உட்கார்ந்தால் கடிகாரம் போல ஒரு டிக் டிக் கேட்கும். அந்தச் சத்தம் மங்கினாலோ நின்றாலோ வட்டு சிக்கிக்கொண்டிருக்கலாம். மல்லாந்து படுக்க முடியாத மூச்சுத் திணறல், ராத்திரி இருமல், திடீரென்று கை கால் இழுத்துக்கொள்வது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது எல்லாம் அடையாளங்கள். "வயித்துப் புள்ளக்காரிக்கு மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்ற பேச்சு மற்றவர்களுக்குப் பொருந்தலாம். உலோக வால்வு உள்ளவளிடம் அதைச் சொல்லக் கூடாது. அன்றே எக்கோ எடுக்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் வயிற்றை மறைத்து எக்ஸ்ரே திரையில் சில நொடி பார்த்தாலே வட்டு அசைகிறதா என்று தெரிந்துவிடும்.

அடைத்துவிட்டால் அதோடு முடிந்தது என்று எண்ண வேண்டாம். இதயத்தை நிறுத்திச் செய்யும் அறுவையில் குழந்தையை இழக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் 2013-இல் துருக்கி மருத்துவர்கள், வால்வு அடைத்த 24 கர்ப்பிணிகளுக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்தைக் குறைந்த அளவில், 25 மில்லிகிராமை ஆறு மணி நேரத்தில் மெதுவாகச் செலுத்திக் கட்டியைக் கரைத்தார்கள். தாய்மார்களில் ஒருவர்கூட இறக்கவில்லை. சீக்கிரம் வந்தால் வழி இருக்கிறது.

கடைசியாக ஒன்று. இந்தத் தராசைக் கையில் எடுக்க வேண்டிய நாள் கர்ப்பம் தெரிந்த நாள் அல்ல, அதற்கு முந்திய நாள். கல்யாண வயதுப் பெண்ணுக்கு வால்வு அறுவை என்றால், பலூன் வைத்து விரிக்க முடியுமா, சொந்த வால்வையே செப்பனிட முடியுமா, திசு வால்வு வைக்கலாமா என்று அப்போதே கேளுங்கள். திசு வால்வுக்கு நிரந்தரமாக ரத்த மாத்திரை வேண்டாம். ஆனால் இளவயதில் அது சீக்கிரம் கெட்டு, இன்னொரு அறுவை வரும். அதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். உலோக வால்வு ஏற்கெனவே இருக்கிறதென்றால், குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே வாருங்கள். எந்த வால்வு, எந்த இடத்தில், என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்ற நான்கையும் ஒரு சீட்டில் எழுதிப் பையில் வைத்திருங்கள். அந்த மில்லிகிராம் கணக்கைப் பார்த்துத்தான் உங்கள் பாதையை முடிவு செய்வோம்.

தாய்மார்களே, நாள் தள்ளினால் அன்றைக்கே புறப்பட்டு வாருங்கள். வந்து சேரும் வரை ஒரு வேளை மாத்திரையைக்கூட நீங்களாக விடாதீர்கள். ஆறு வாரத்துக்கு முன் சாப்பிடும் மாத்திரை குழந்தையின் மூக்கைத் தொடுவதில்லை. விட்டுப்போன நான்கு நாள் மாத்திரை உங்கள் வால்வை அடைத்துவிடலாம்.